ஆரஞ்சு பச்சையாகும் வரை: ஆல்கஹாலை ஆல்டிஹைடாகவும் அமிலமாகவும் மாற்றும் சோதனைக்கு ஒரு வழிகாட்டி

பாடப்புத்தகத்தில் இது இரண்டே வரி. ஓரிணைய ஆல்கஹாலை அமிலம் கலந்த பொட்டாசியம் டைகுரோமேட்டுடன் சூடாக்கினால் முதலில் ஆல்டிஹைடும் பிறகு கார்பாக்சிலிக் அமிலமும் வரும். கரைசல் ஆரஞ்சிலிருந்து பச்சையாகும். அந்த இரண்டு வரியை ஆய்வகத்தில் செய்து காட்டும் பொறுப்பு முதல் முறையாக என் கைக்கு வந்தபோது, சரியான விடை கிடைக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. ஆல்கஹாலே ஊற்றாத குழாயும் பச்சையானது. வடித்துப் பிடித்த ஆல்டிஹைடு கண்முன்னே ஆவியாகிப் போனது. அமிலம் வந்துவிட்டது என்று நான் குறித்துவைத்த முடிவு, உண்மையில் நானே ஊற்றிய கந்தக அமிலம் காட்டிய முடிவு.

முதல் முறையாக இதைச் செய்யப்போகிற ஆசிரியர்களுக்கும், ஆய்வக உதவியாளர்களுக்கும், கல்லூரி மாணவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வீட்டில் செய்யும் சோதனை இல்லை இது. டைகுரோமேட்டில் உள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது, தோலில் பட்டால் ஆறாத புண் வரும். வாயு வெளியேற்றி உள்ள ஆய்வகத்தில், பொறுப்பான ஒருவர் கூடவே நிற்கச் செய்யுங்கள்.

1. எத்தனாலை விட்டுவிட்டு 1-புரோப்பனால் வாங்குங்கள்

புத்தகங்கள் எல்லாம் எத்தனாலைத்தான் உதாரணமாகக் காட்டும். நானும் அதில்தான் தொடங்கினேன். இரண்டு இடத்தில் முட்டிக்கொண்டேன்.

முதல் சிக்கல் காகித வேலை. தமிழ்நாட்டில் தூய எத்தனாலை நிறுவனங்கள் வாங்கி வைத்திருக்க மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் உரிமம் வேண்டும். வாங்கிய அளவு, செலவான அளவு, இருப்பு என்று பதிவேடும் வைக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தில் உரிமம் ஏற்கெனவே இருந்தால் சரி, இல்லையென்றால் ஒரு பருவத் தேர்வுக்குள் அதை வாங்கிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

இரண்டாவது சிக்கல் நம் ஊர் வெயில். எத்தனாலிலிருந்து வரும் எத்தனால்டிஹைடு, அதாவது அசிட்டால்டிஹைடு, சுமார் 21 °செ.யில் கொதித்துவிடும். ஆய்வகம் 32 °செ.யில் இருக்கும்போது அது திரவமாகவே நிற்காது. கண்டன்சரில் ஓடும் குழாய்த் தண்ணீரே 28, 29 °செ. இருக்கும், அதை வைத்து எதைக் குளிர்விப்பது? பனிக்கட்டித் தண்ணீரைச் சுற்றவிட்டால் ஒழிய ஒரு சொட்டும் தங்காது. குளிர் நாடுகளில் எழுதப்பட்ட செய்முறையை அப்படியே எடுத்துக்கொண்டால் வரும் கோளாறு இது.

1-புரோப்பனாலில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. ஆல்கஹால் 97 °செ.யில் கொதிக்கும். அதிலிருந்து வரும் புரோப்பனால்டிஹைடு 48 °செ. அருகில் கொதிக்கும். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 50 டிகிரி இடைவெளி இருப்பதால் பிரிப்பதும் எளிது, சாதாரண குழாய்த் தண்ணீரிலேயே ஆவி குளிர்ந்து இறங்கிவிடும். கடைசியில் வரும் புரோப்பனாயிக் அமிலத்தின் கொதிநிலை 141 °செ.

ஆர்டர் கொடுக்கும்போது பெயரை முழுதாக எழுதுங்கள். வெறுமனே "புரோப்பனால்" என்று எழுதினால் 2-புரோப்பனால், அதாவது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், வந்து நிற்கும். அது ஈரிணைய ஆல்கஹால். அதுவும் டைகுரோமேட்டைப் பச்சையாக்கும், ஆனால் கிடைப்பது அசிட்டோன். ஆல்டிஹைடு சோதனை எதுவும் வேலை செய்யாமல் ஒரு நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதுவும் ஒரு சிறு பாட்டில் வேண்டும் என்பதால் இரண்டையும் தனித்தனி வரியில் எழுதி வாங்குங்கள். கூடவே மூவிணைய ஆல்கஹாலுக்கு மூவிணைய பியூட்டைல் ஆல்கஹால். இது 25 °செ. அளவில் உறைந்துவிடும், குளிரூட்டிய அறையில் பாட்டிலுக்குள் கட்டியாக நின்றால் கெட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலைக் கொஞ்ச நேரம் வைத்தால் உருகிவிடும்.

ஒவ்வொரு பொருளுக்கும் பாதுகாப்புத் தரவுத் தாளை விற்பவரிடம் கேட்டு வாங்கி, அச்செடுத்து, ஆய்வகத்திலேயே வையுங்கள். டைகுரோமேட்டின் தாளை மாணவர்கள் வேலை தொடங்குமுன் ஒரு முறை வாசிக்கட்டும்.

செலவைப் பொறுத்தவரை பயம் வேண்டாம். மாணவர்கள் செய்யும் நான்கு குழாய் சோதனை தின்னும் டைகுரோமேட் மிகக் குறைவு. கீழே சொல்லும் கரைசல் 100 மி.லி.க்கு 2.94 கிராம் போதும். ஒரு ஜோடி மாணவருக்கு நான்கு குழாய்க்கும் சேர்த்து 1 மி.லி. செலவாகும். 30 ஜோடி உள்ள வகுப்பு மூன்று முறை செய்தாலும் அந்த ஒரு பாட்டில் தாங்கும். பட்டியலில் உண்மையில் விலை கூடியது வெள்ளி நைட்ரேட்தான், அதைச் சொட்டுக் கணக்கில் செலவழிக்கும் வழியைப் பின்னால் சொல்கிறேன்.

2. கரைசல்களை முந்தின நாளே தயார் செய்யுங்கள்

டைகுரோமேட் கரைசல்: 2.94 கிராம் K2Cr2O7-ஐத் தண்ணீரில் கரைத்து 100 மி.லி. ஆக்குங்கள். இது 0.1 மோலார். தூளை எடைபோடும்போது நைட்ரைல் கையுறை கட்டாயம். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், தூசி மூக்கில் போகக்கூடாது. பல இடங்களில் பிப்பெட்டை வாயால் உறிஞ்சும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இந்தக் கரைசலுக்கு அது கூடவே கூடாது, சொட்டுக்குழாய் மட்டும். மூடி வைத்தால் கரைசல் வருடக்கணக்கில் கெடாது.

அமிலம்: 1 மோலார் கந்தக அமிலம். 80 மி.லி. தண்ணீரில் 5.6 மி.லி. அடர் கந்தக அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஆறிய பிறகு 100 மி.லி. ஆக்குங்கள். அமிலம் தண்ணீருக்குள் போக வேண்டும், தண்ணீர் அமிலத்துக்குள் போகக்கூடாது.

"ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் கையில் இருக்கிறது, அதை ஊற்றலாமா?" என்று ஒரு மாணவி கேட்டார். ஊற்றக்கூடாது. டைகுரோமேட் குளோரைடையும் ஆக்ஸிஜனேற்றம் செய்யக்கூடியது, சூடும் அடர்த்தியும் கூடினால் குளோரின் வாயு வரும். ஆல்கஹால் இல்லாமலே நிறம் மாறினால் சோதனைக்கு அர்த்தம் இல்லை. நைட்ரிக் அமிலம் தானே ஓர் ஆக்ஸிஜனேற்றி என்பதால் அதுவும் ஆகாது.

3. நான்கு குழாய் சோதனை: 40 நிமிடம்

நான்கு சுத்தமான டெஸ்ட் டியூபை எடுத்து 1 முதல் 4 வரை எண் எழுதுங்கள். எல்லாவற்றிலும் 2 மி.லி. அமிலமும் 5 சொட்டு டைகுரோமேட்டும் விடுங்கள். வெளிர் ஆரஞ்சு நிறம் வரும். முதல் குழாயில் 5 சொட்டு 1-புரோப்பனால், இரண்டாவதில் 5 சொட்டு 2-புரோப்பனால், மூன்றாவதில் 5 சொட்டு மூவிணைய பியூட்டைல் ஆல்கஹால். நான்காவதில் 5 சொட்டுத் தண்ணீர் மட்டும். குலுக்கிவிட்டு, 60 °செ. அளவுள்ள தண்ணீர் நிறைந்த பீக்கரில் நான்கையும் ஒன்றாக நிறுத்துங்கள். தண்ணீரை வேறு இடத்தில் சுட வைத்துக் கொண்டுவாருங்கள், ஆல்கஹால் பாட்டில் திறந்திருக்கும் மேசையில் பர்னர் எரியக்கூடாது.

பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். முதல் இரண்டு குழாயிலும் சில நிமிடங்களில் ஆரஞ்சு மங்கி, கலங்கல் பழுப்பாகி, பிறகு தெளிந்த பச்சையாகும். மூன்றாவதும் நான்காவதும் ஆரஞ்சாகவே நிற்க வேண்டும்.

காரணம் இதுதான். டைகுரோமேட், OH ஏந்திய கார்பனிலிருந்தே ஒரு ஹைட்ரஜனைப் பறித்துத்தான் ஆக்ஸிஜனேற்றத்தை முடிக்கும். 1-புரோப்பனாலில் அந்தக் கார்பனில் இரண்டு ஹைட்ரஜன் இருக்கிறது, 2-புரோப்பனாலில் ஒன்று. மூவிணைய ஆல்கஹாலில் அந்தக் கார்பனைச் சுற்றி மூன்று மெத்தில் தொகுதிகள்தான், பறிக்க எதுவும் இல்லை.

நான்காவது குழாய்தான் என்னை முதல் வாரம் முழுக்க அலைக்கழித்தது. தண்ணீர் மட்டும் விட்ட குழாய் ஏன் பச்சையாகிறது? அமிலத்தை மாற்றினேன், டைகுரோமேட்டைப் புதிதாகக் கரைத்தேன். கடைசியில் பார்த்தால், குழாய்கள் சீக்கிரம் காய வேண்டும் என்று கழுவிய பிறகு ஸ்பிரிட் விட்டு அலசி வைத்திருந்தார்கள். குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த அந்த மிச்சமே போதுமானதாக இருந்தது. அதன்பின் குழாய்களை வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வைத்தோம், நான்காவது குழாய் ஆரஞ்சாகவே நின்றது. தண்ணீர் மட்டும் உள்ள இந்தக் குழாயைச் சிலர் நேரம் மிச்சம் என்று விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் மற்ற மூன்றும் சொல்வதை நம்ப வழியில்லை.

மூன்றாவது குழாயிலும் ஒரு பொறி உண்டு. அதிக நேரம் கொதிக்கவிட்டால் மூவிணைய ஆல்கஹாலிலிருந்து சூடான அமிலம் நீரைப் பிடுங்கி ஓர் ஆல்கீனை உண்டாக்கும், அதை டைகுரோமேட் தாக்கக்கூடும். அப்போது இந்தக் குழாயும் மெல்லப் பச்சை காட்டும். 60 °செ., பத்து நிமிடம். அதற்கு மேல் போகாதீர்கள்.

4. நிறத்தை வாசிப்பது எப்படி

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் நடக்கின்றன.

ஆரஞ்சு நிறம் டைகுரோமேட் அயனியுடையது, அதில் குரோமியம் ஆறு இணைதிறனில் இருக்கிறது. பச்சை மூன்று இணைதிறன் குரோமியத்துடையது. ஆல்கஹாலுக்கும் ஆல்டிஹைடுக்கும் அமிலத்துக்கும் நிறமே கிடையாது, மூன்றும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். ஆகவே நிறமாற்றம் ஆல்கஹாலுக்கு என்ன ஆனது என்று நேரடியாகச் சொல்லவில்லை. குரோமியம் எலக்ட்ரான் வாங்கிவிட்டது, யாரோ கொடுத்திருக்கிறார்கள் என்று மட்டுமே சொல்கிறது. கொடுத்தது 1-புரோப்பனாலா, 2-புரோப்பனாலா, குழாயில் ஒட்டிய ஸ்பிரிட்டா, அது ஆல்டிஹைடோடு நின்றதா, அமிலம் வரை போனதா என்பது பச்சையைப் பார்த்துத் தெரியாது. மாணவர்கள் ரெக்கார்டில் "பச்சை நிறம் தோன்றியது, எனவே ஆல்டிஹைடு உருவானது" என்று எழுதினால் அந்த "எனவே"யை அடித்துவிடுங்கள்.

பச்சைக்குப் பதில் அழுக்குப் பழுப்பு வந்து அப்படியே நின்றுவிட்டால், பெரும்பாலும் டைகுரோமேட்டை அதிகம் விட்டிருப்பீர்கள். உருவான பச்சையும் மிஞ்சிய ஆரஞ்சும் சேர்ந்தால் அந்தப் பழுப்புதான் தெரியும். 5 சொட்டு டைகுரோமேட்டுக்கு 5 சொட்டு ஆல்கஹால் என்ற கணக்கில் ஆல்கஹால் தேவையைவிடப் பல மடங்கு கூடுதலாக இருக்கிறது. அதனால் ஆரஞ்சு முழுக்கத் தீர்ந்து பச்சை தெளிவாக வரும். "நன்றாகத் தெரியட்டும்" என்று 2 மி.லி. டைகுரோமேட் ஊற்றினால் ஒன்றும் தெரியாது.

ஆரஞ்சு மஞ்சளானால் அது ஆக்ஸிஜனேற்றமே இல்லை. கரைசலில் எங்கிருந்தோ காரம் கலந்து, டைகுரோமேட் குரோமேட்டாக மாறியிருக்கிறது. குரோமியம் இன்னும் ஆறு இணைதிறனிலேயே இருக்கும். சோப்புக் காரம் போகக் கழுவாத குழாயில் அமிலம் விட மறந்தால் இது வரும். அமிலம் சில சொட்டு விட்டால் ஆரஞ்சு திரும்பிவிடும்.

இன்னொன்று: பச்சையான குழாயைச் சில நாள் வைத்துவிட்டுப் பார்த்தால் நீலம் கலந்த ஊதாவாகத் தெரியலாம். சூட்டில் சல்பேட்டோடு சேர்ந்து பச்சையாக இருந்த குரோமியம், ஆறிய பிறகு மெல்லத் தண்ணீர் மூலக்கூறுகளால் மட்டும் சூழப்பட்டு ஊதாவாகிறது. எதுவும் கெட்டுப்போகவில்லை. நிறத்தை அன்றே, சூடாக இருக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

5. ஆல்டிஹைடைப் பிடிப்பது: ஒன்றரை மணி நேரம்

இங்கே ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஆல்டிஹைடு தண்ணீரில் இருக்கும்போது ஒரு நீர் மூலக்கூறைச் சேர்த்துக்கொண்டு, ஒரே கார்பனில் இரண்டு OH உள்ள பொருளாகக் கொஞ்சம் மாறும். அதுவும் ஆல்கஹால் மாதிரிதான், அந்தக் கார்பனில் இன்னும் ஒரு ஹைட்ரஜன் மிச்சம் இருக்கிறது. டைகுரோமேட் அதையும் பறித்துவிடும், அமிலம் வந்துவிடும். எனவே ஆல்டிஹைடு வேண்டுமென்றால் இரண்டு காரியம் செய்ய வேண்டும். உருவான உடனே அதைக் கலவையை விட்டு வெளியேற்ற வேண்டும். எந்த நேரத்திலும் குடுவைக்குள் டைகுரோமேட் உபரியாக இருக்கக்கூடாது.

சமன்பாடு இது:

```
3 C3H7OH + Cr2O7^2- + 8 H+ → 3 C2H5CHO + 2 Cr^3+ + 7 H2O
```

நான் எடுத்த அளவு: 1-புரோப்பனால் 4 மி.லி., அதாவது சுமார் 3.2 கிராம், 0.053 மோல். மூன்றுக்கு ஒன்று என்ற விகிதப்படி 0.018 மோல் டைகுரோமேட் வேண்டும், அது 5.2 கிராம். 32 மி.லி. தண்ணீரில் 3.8 மி.லி. அடர் கந்தக அமிலத்தை மெல்ல ஊற்றி, அந்தச் சூட்டிலேயே டைகுரோமேட்டைக் கரைத்துக்கொள்ளுங்கள். நன்றாக ஆறவிட்டால் கொஞ்சம் படிகமாக அடியில் இறங்கும், வெதுவெதுப்பாக இருக்கும்போதே சொட்டுப் புனலுக்கு மாற்றிவிடுங்கள்.

இரண்டு கழுத்து வட்டக் குடுவை, 100 மி.லி. ஒரு கழுத்தில் சொட்டுப் புனல். இன்னொன்றில் கண்ணாடி மணி நிரப்பிய குட்டையான பிரிப்புக் குழாய், அதன் தலையில் வெப்பமானி, பிறகு கண்டன்சர். கடைசியில் வடிநீரைப் பிடிக்கும் குழாயைப் பனிக்கட்டியில் புதைத்து வையுங்கள். மூட்டுகள் கண்ணாடியாக இருக்கட்டும். ரப்பர் அடைப்பானையும் தக்கையையும் இந்தக் கலவை அரித்துவிடும். சூடாக்குவதற்கு ஹீட்டிங் மேன்டில் மட்டும். புரோப்பனால்டிஹைடு ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்து மேசையிலும் சுடர் இருக்கக்கூடாது.

ஆல்கஹாலைக் குடுவையில் விட்டு, இரண்டு கொதிகல் போட்டு, லேசாகக் கொதிக்க வையுங்கள். பிறகு ஆரஞ்சுக் கலவையைச் சொட்டுச் சொட்டாக விடத் தொடங்குங்கள். முழுவதையும் விட அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சொட்டும் உள்ளே விழுந்தவுடன் பச்சையாவதைப் பார்க்கலாம். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அது. உங்களுக்கு உண்மையான வழிகாட்டியும் அந்த நிறம்தான். குடுவைக்குள் ஆரஞ்சோ பழுப்போ தங்க ஆரம்பித்தால் வேகமாக விடுகிறீர்கள் என்று அர்த்தம். புனலை மூடுங்கள், பச்சை திரும்பும் வரை பொறுங்கள்.

இன்னொரு கண் வெப்பமானியில் இருக்கட்டும். தலையில் 48 முதல் 60 °செ. வரை இருந்தால் பெரும்பாலும் ஆல்டிஹைடுதான் வருகிறது. 70-ஐத் தாண்டினால் சூட்டைக் குறையுங்கள். 87, 88 °செ.க்குப் போய் நின்றால் மாறாத ஆல்கஹாலும் தண்ணீரும் சேர்ந்து வந்துகொண்டிருக்கிறது. அப்போது பிடித்த குழாயை உடனே மாற்றிவிடுங்கள்.

எனக்குக் கிடைத்தது 1.5 மி.லி. அளவு. முழுதும் மாறியிருந்தால் 3.8 மி.லி. வரும், ஆக பாதிக்கும் குறைவு. வருத்தப்பட வேண்டாம், தண்ணீரில் செய்யும் இந்த முறையில் பாதி கிடைத்தாலே நல்ல விளைச்சல். மீதி அமிலமாகவும் கொஞ்சம் எஸ்டராகவும் போயிருக்கும். குடுவையிலிருந்து பழ வாசனை வந்தால் அது எஸ்டர். ஆல்டிஹைடு முழுதாகத் தங்க வேண்டுமென்றால் தண்ணீரே இல்லாத கரைப்பானில் பிரிடினியம் குளோரோகுரோமேட் போடுகிறார்கள். நீர் இல்லையென்றால் அந்த இரண்டு OH உள்ள இடைப்பொருள் உருவாகாது, வினை ஆல்டிஹைடோடு நிற்கும்.

6. வந்தது ஆல்டிஹைடுதானா?

வடிநீரில் மட்டும் சோதியுங்கள், குடுவைக் கலவையில் வேண்டாம். முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை, மூக்கைக் குத்தும்.

டாலன்ஸ் கரணி நம்பகமானது. சுத்தமான குழாயில் 0.1 மோலார் வெள்ளி நைட்ரேட் 1 மி.லி. விட்டு, ஒரு சொட்டு நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு சேருங்கள். பழுப்பு வீழ்படிவு வரும். நீர்த்த அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அந்தப் பழுப்பு கரைந்தவுடன் நிறுத்துங்கள். இதில் 2 சொட்டு வடிநீரை விட்டு 50 °செ. தண்ணீரில் அசைக்காமல் வைத்தால் சில நிமிடத்தில் குழாய்ச் சுவரில் வெள்ளிப் பூச்சு படியும். இன்னொரு குழாயில் இதையே தூய 1-புரோப்பனாலுடன் செய்து பாருங்கள், பூச்சு வரக்கூடாது. ஒரு சோதனைக்கு வெறும் 17 மில்லிகிராம் வெள்ளி நைட்ரேட்தான் செலவு.

கண்ணாடிபோலப் பூச்சு வராமல் கறுப்புத் தூளாக வந்தால் குழாய் எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்திருக்கும். அதுவும் நேர்மறை முடிவுதான். மீந்த டாலன்ஸ் கரணியை அடுத்த வகுப்புக்கு என்று எடுத்து வைக்கவே கூடாது. நாளாக நாளாக அதில் வெடிக்கக்கூடிய வெள்ளிச் சேர்மம் படியும். அன்றைக்கே நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு அழித்துவிடுங்கள்.

7. அமிலம் வரை கொண்டுபோவது

இப்போது எல்லாமே தலைகீழ். ஆல்டிஹைடு வெளியே போகக்கூடாது, டைகுரோமேட் உபரியாக இருக்க வேண்டும். அதனால் கண்டன்சரைச் செங்குத்தாக நிறுத்தி, ஆவி குளிர்ந்து திரும்பத் திரும்பக் குடுவைக்கே விழும்படி செய்கிறோம்.

1-புரோப்பனால் 1 மி.லி. முழுதும் அமிலமாக 2.6 கிராம் டைகுரோமேட் வேண்டும். நான் 4 கிராம் போட்டேன். 20 மி.லி. தண்ணீர், 4 மி.லி. அடர் கந்தக அமிலம். ஆல்கஹாலைக் கண்டன்சரின் மேல் வழியாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், ஒரேயடியாக ஊற்றினால் பொங்கி மேலே வரும். பிறகு 30 நிமிடம் மெதுவாகக் கொதிக்கட்டும்.

இங்கே நிறத்தை வேறு மாதிரி வாசிக்க வேண்டும். முடிவில் கரைசல் தூய பச்சையாக இருந்தால் அது நல்ல செய்தி இல்லை, டைகுரோமேட் தீர்ந்துபோய்விட்டது, ஆல்டிஹைடு மிச்சம் இருக்கலாம். பழுப்பு கலந்த பச்சையாக நின்றால்தான் உபரி இருக்கிறது என்று பொருள். முந்தைய பகுதியில் கெட்ட சகுனமாக இருந்த அதே பழுப்பு இங்கே நமக்கு வேண்டியது.

ஆறிய பிறகு கண்டன்சரைச் சாய்வாக மாற்றி 8 முதல் 10 மி.லி. வரை வடித்தெடுங்கள். புரோப்பனாயிக் அமிலம் 141 °செ.யில் கொதித்தாலும் நீராவியோடு சேர்ந்து முன்னதாகவே வந்துவிடும். இந்த வடிநீரில் ஒரு சிட்டிகை சோடியம் பைகார்பனேட் போட்டால் நுரைத்துப் பொங்கும். டாலன்ஸ் கரணியில் வெள்ளி வரக்கூடாது. ஆனால் அமிலம் அம்மோனியாவைத் தின்றுவிடும் என்பதால், வடிநீர் நுரைப்பது நிற்கும் வரை பைகார்பனேட் போட்டு நடுநிலையாக்கிவிட்டுத்தான் அந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

நான் முதலில் செய்த தவறு, பைகார்பனேட்டை வடிக்காத கலவையிலேயே போட்டது. அழகாகப் பொங்கியது, மகிழ்ந்து எழுதியும் வைத்தேன். அதில் இருந்த கந்தக அமிலம் ஆல்கஹால் இல்லாமலே அப்படிப் பொங்கும் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. கந்தக அமிலம் வடிநீரோடு வராது என்பதற்காகத்தான் வடிக்கிறோம்.

8. கழிவு: மறுநாள் காலை வரை வேலை இருக்கிறது

சின்க்கில் ஊற்றாதீர்கள். ராணிப்பேட்டையில் மலைபோலக் குவிந்த குரோமியக் கழிவு நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது நமக்குத் தெரிந்த கதை. நம் ஆய்வகத்துக் கழிவு அதோடு ஒப்பிட ஒன்றுமில்லை என்றாலும், பொருள் அதேதான்.

எல்லாக் குழாய், குடுவைக் கழிவையும் ஒரே பீக்கரில் சேருங்கள், வெள்ளி உள்ளதை மட்டும் தனியாக வையுங்கள். கலவை அமிலமாகவே இருக்கும்போது, வாயு வெளியேற்றிக்குள் வைத்து, சோடியம் மெட்டாபைசல்பைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். மிச்சமிருக்கும் டைகுரோமேட் 1 கிராமுக்கு 1 கிராம் கணக்கில் தேவை, 1.5 கிராம் போடுங்கள். ஆரஞ்சின் சாயலே இல்லாமல் முழுப் பச்சையாக வேண்டும். பிறகு சோடியம் கார்பனேட்டைச் சிறிது சிறிதாகப் போட்டு pH தாள் 8, 9 காட்டும்வரை கொண்டுவாருங்கள். நுரைக்கும், பெரிய பீக்கராக எடுங்கள். சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் குரோமியம் ஹைட்ராக்சைடு படியும். சீக்கிரம் முடியட்டும் என்று சோடியம் ஹைட்ராக்சைடை அள்ளி ஊற்றினால், காரம் மிஞ்சி, படிந்தது மறுபடி பச்சையாகக் கரைந்துவிடும்.

இரவு முழுக்க அசையாமல் விடுங்கள். காலையில் மேலே தெளிந்த நீர் நிறமற்று இருக்க வேண்டும். மஞ்சளாக இருந்தால் ஆறு இணைதிறன் குரோமியம் இன்னும் இருக்கிறது. மறுபடி அமிலமாக்கி, மெட்டாபைசல்பைட்டிலிருந்து தொடங்க வேண்டும். அடியில் உள்ள சேற்றை வாய் அகன்ற பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து, "குரோமியம் ஹைட்ராக்சைடு கசடு" என்று பெயரும் தேதியும் தோராய எடையும் எழுதி, கழிவுப் பதிவேட்டில் ஒரு வரி பதியுங்கள். அபாயக் கழிவு எடுக்க அனுமதி பெற்றவரிடம் கொடுக்கும்போது அந்தப் பதிவேட்டைத்தான் முதலில் கேட்பார்கள். எங்களிடம் ஒரு வருடக் கழிவும் ஒரே ஒரு லிட்டர் பாட்டிலுக்குள் அடங்கியது.